குட்டி யானைக்கு ஒரு கணக்கு, கடை அலமாரிக்கு ஒரு கணக்கு: தேய்மானம் பற்றி வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தேய்மானம் பற்றியவை, அதாவது ஒரு சொத்தை வாங்கிய விலையை அது உழைக்கும் வருஷங்களுக்குப் பிரித்துச் செலவாக எழுதுவது பற்றி. நேர்க்கோட்டு முறையா, குறைந்து செல் மதிப்பு முறையா என்பதுதான் எல்லாவற்றிலும் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆடிட்டர் ஆபீஸ்களில் இவற்றை எஸ்.எல்.எம்., டபிள்யூ.டி.வி. என்பார்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். பூ ஏற்றி இறக்க 6 லட்சத்துக்கு ஒரு குட்டி யானை வாங்கினேன். ஆடிட்டர் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகிற மாதிரி தேய்மானம் போடுகிறார். தம்பி வேலை பார்க்கும் கம்பெனியிலோ எல்லா வருஷமும் ஒரே தொகைதானாம். எது சரி?

இரண்டும் சரியான முறைகள்தான். ஆனால் உங்கள் வண்டிக்கு ஆடிட்டர் செய்வதுதான் பொருத்தம். ஏன் என்று உங்கள் வண்டியை வைத்தே பார்ப்போம்.

5 வருஷம் ஓட்டிவிட்டு விற்கப் போகிறீர்கள், அப்போது 1,42,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டு முறையில் 6,00,000-லிருந்து 1,42,000-ஐக் கழித்து, மிச்சத்தை 5-ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 91,600. ஐந்து வருஷமும் அதே தொகை. குறைந்து செல் மதிப்பு முறையில் 25 சதவீதம் என்று எடுத்தால் முதல் வருஷம் 1,50,000. அடுத்த வருஷம் மிச்சமிருக்கும் 4,50,000-க்கு 25 சதவீதம், அதாவது 1,12,500. அதற்கடுத்து 84,375, பிறகு 63,281, கடைசியில் 47,461. ஐந்தாம் வருஷ முடிவில் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். மொத்தத் தேய்மானம் ஒன்றுதான், அது எந்த வருஷத்தில் எவ்வளவு விழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது ரிப்பேர் செலவையும் பக்கத்தில் வையுங்கள். முதல் வருஷம் ஆயில் மாற்றுவது, சர்வீஸ் என்று 8,000 ஆகும். இரண்டாம் வருஷம் 25,000, மூன்றாம் வருஷம் டயர் எல்லாம் சேர்த்து 45,000, நாலாம் வருஷம் 65,000, ஐந்தாம் வருஷம் கிளட்ச், இன்ஜின் வேலை, எஃப்.சி. என்று 85,000 என்று வைப்போம். ஆடிட்டர் முறையில் தேய்மானமும் ரிப்பேரும் சேர்ந்து முதல் வருஷம் 1,58,000, ஐந்தாம் வருஷம் சுமார் 1,32,500. நடுவில் உள்ள வருஷங்கள் 1,28,000-க்கும் 1,38,000-க்கும் இடையில் இருக்கின்றன. நேர்க்கோட்டு முறையில் அதே வண்டி முதல் வருஷம் 99,600 தின்கிறது, ஐந்தாம் வருஷம் 1,76,600 தின்கிறது. வண்டி சுமப்பதோ எல்லா வருஷமும் அதே பூ மூட்டைகளைத்தான். அப்படியிருக்க முதல் வருஷம் கடை நன்றாக ஓடியது போலவும், ஐந்தாம் வருஷம் படுத்துவிட்டது போலவும் லாப நட்டக் கணக்கு காட்டும். புதிதாக இருக்கும்போது ரிப்பேர் கேட்காமல், பழசாகும்போது ஆளையே தின்னும் சொத்துகளுக்குக் குறைந்து செல் மதிப்பு முறை ஒத்துப்போவது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. வண்டியை இரண்டே வருஷத்தில் 3,60,000-க்கு விற்க நேர்ந்தால்? ஆடிட்டர் கணக்கில் புத்தக மதிப்பு 3,37,500 தான், எனவே 22,500 லாபம். நேர்க்கோட்டில் அது 4,16,800-ல் நிற்கும், 56,800 நட்டம். ஷோரூமை விட்டு வெளியே வந்த அன்றே வண்டி விலை இறங்கிவிடும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கணக்கும் அதே வேகத்தில் இறங்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்த 25 சதவீதம், 5 வருஷத்தில் அந்த விற்பனை விலைக்கு இறங்குவதற்காக நான் கண்டுபிடித்த விகிதம். வருமான வரிக்கான விகிதம் வேறு. அது கீழே வருகிறது.

சமையல் பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறோம், திருமங்கலத்தில். ஒரு லட்ச ரூபாய்க்கு நாற்காலி வாங்கினேன், 10 வருஷம் வரும். 10 வருஷம் என்றால் 10 சதவீதம்தானே? அப்படித்தான் மிச்ச மதிப்பின் மேல் போட்டு வருகிறேன்.

அதிகம் பேர் விழும் குழி இது. 10 வருஷத்துக்கு 10 சதவீதம் என்பது நேர்க்கோட்டு முறைக்குத்தான் பொருந்தும், அதுவும் கடைசியில் ஒன்றுமே மிஞ்சாது என்றால். அதே 10 சதவீதத்தை மிச்ச மதிப்பின் மேல் போட்டுக்கொண்டே போனால் பத்தாம் வருஷ முடிவில் 34,868 ரூபாய் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கும். நாற்காலிகள் எடைக்குப் போய், காயலான் கடைக்காரர் 5,000 கொடுத்தால் பெரிய விஷயம். அந்த ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட 30,000 நட்டம் வந்து விழும்.

விகிதத்தைக் கண்டுபிடிக்க எக்ஸெல்லில் இதைத் தட்டுங்கள்:

```
=1-(5000/100000)^(1/10)
```

5,000 என்பது கடைசியில் கிடைக்கும் தொகை, 1,00,000 வாங்கிய விலை, 10 ஆயுள். விடை 0.2589, அதாவது 25.89 சதவீதம். பத்தைப் போல இரண்டரை மடங்கு! முதலில் பார்ப்பவர்கள் தட்டியதில் ஏதோ தப்பு என்று நினைப்பார்கள். தப்பில்லை. ஒவ்வொரு வருஷமும் சின்னதாகிக்கொண்டே போகும் தொகையின் மேல் எடுப்பதால் விகிதம் பெரிதாக இருந்தால்தான் அடியைத் தொட முடியும்.

இந்த சூத்திரத்துக்கு ஒரு எல்லை உண்டு. கடைசி மதிப்பு பூஜ்யம் என்று போட்டால் விடை 100 சதவீதம் என்று வரும், முதல் வருஷமே சொத்து காலி. மிச்சத்தில் ஒரு பங்கை எவ்வளவு முறை எடுத்தாலும் ஏதாவது மிஞ்சத்தான் செய்யும். ஆகவே, கடைசியில் ஒன்றும் தேறாது என்று உறுதியாகத் தெரிந்த சொத்துக்கு இந்த முறையே வேண்டாம். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

டவுன்ஹால் ரோட்டில் 9 வருஷ ஒப்பந்தத்தில் கடை எடுத்து, ஃபால்ஸ் சீலிங், தடுப்பு, சுவரோடு சேர்த்த அலமாரி என்று நாலரை லட்சம் செலவழித்தேன். இதற்கு எந்த முறை?

கண்ணை மூடிக்கொண்டு நேர்க்கோட்டு முறை. 4,50,000-ஐ 9-ஆல் வகுத்தால் வருஷம் 50,000.

இங்கே தேய்வது பொருள் அல்ல, காலம். அலமாரி புத்தம் புதிதாகப் பளபளவென்று இருந்தாலும் ஒப்பந்தம் முடிந்த அன்று அது கட்டட உரிமையாளருக்குப் போய்விடும். முதல் வருஷம் அந்தக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் வசதியும் ஏழாம் வருஷ வசதியும் ஒன்றுதான். ரிப்பேரும் ஏறிக்கொண்டே போவதில்லை. இதற்கு 15 சதவீதம் என்று மிச்ச மதிப்பின் மேல் போட்டிருந்தால், சாவியைக் கொடுக்கும் நாளில் புத்தகத்தில் 1,04,000 ரூபாய்க்கு மேல் ஒரு சொத்து இருக்கும், கையில் ஒரு பலகைகூட இருக்காது.

கழற்றி எடுத்துப் போகக்கூடிய ரேக், மேஜை இருந்தால் அவற்றைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அவற்றுக்கு ஒப்பந்தத்தோடு சம்பந்தமில்லை, சொந்த ஆயுள் உண்டு. காலக்கெடு உள்ள உரிமம், காப்புரிமை போன்றவற்றுக்கும் நேர்க்கோடுதான் சரி.

கப்பலூரில் லேத் பட்டறை. லேத்துக்கும் டிசைன் போடும் கம்ப்யூட்டருக்கும் வெவ்வேறு முறை வைக்கலாமா?

தாராளமாக. ஒரு வகைச் சொத்துக்கு ஒரு முறை என்று வைத்து, அதை வருஷா வருஷம் மாற்றாமல் இருந்தால் போதும். கம்ப்யூட்டர் தேயும் முன்பே பழசாகிவிடும், அதற்குக் குறைந்து செல் மதிப்பு. நல்ல லேத் 15 வருஷம் ஒரே மாதிரி வேலை கொடுக்கும், அதற்கு நேர்க்கோடு பொருந்தும். ஆனால் இரண்டு ஷிஃப்ட் ஓட்டி, பெட் தேய்ந்து, துல்லியம் போய்ச் சின்ன வேலைக்குத் தள்ளிவிடும் பட்டறை என்றால் என் ஓட்டு மாறும். இயந்திரத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் பட்டறையில் அது படும் பாட்டைப் பாருங்கள்.

கடை கட்டிய இடத்துக்கும் சேர்த்துத் தேய்மானம் போடலாமா?

கூடாது. நிலம் தேயாது. பத்திரத்தில் ஒரே தொகையாக இருந்தாலும் இடத்தையும் கட்டடத்தையும் பிரித்த பிறகுதான் கணக்கே ஆரம்பம்.

இவ்வளவும் சொல்கிறீர்கள், வருமான வரிக்கு எந்த முறையை வேண்டுமானாலும் எடுக்கலாமா?

முடியாது. மின் உற்பத்தி நிறுவனங்களுக்கு மட்டும் நேர்க்கோட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு, மற்ற எல்லோருக்கும் குறைந்து செல் மதிப்புதான். பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம், மேஜை நாற்காலிக்கு 10, கம்ப்யூட்டருக்கு 40. மாட்டுத்தாவணிக்காரரின் குட்டி யானை சொந்தச் சரக்கு ஏற்றினால் 15, அதையே வாடகைக்கு ஓட்டுவதுதான் தொழில் என்றால் 30.

வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதித் தேய்மானம்தான். லீப் இல்லாத வருஷத்தில் அக்டோபர் 3-க்குள் ஓட ஆரம்பித்தால் முழுதும் கிடைக்கும். நம் ஊரில் புது மெஷினை ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துத்தான் ஓட்டுவேன் என்பார்கள். 2025-ல் பூஜை அக்டோபர் 1, தப்பித்தார்கள். 2024-ல் அது அக்டோபர் 11, பாதிதான் கிடைத்தது. பில் தேதியைப் பார்க்க மாட்டார்கள், பயன்பாட்டுக்கு வந்த தேதிதான் கணக்கு. விட்டுப்போன பாதி வீணாகாது, மிச்ச மதிப்பில் சேர்ந்து பின் வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

தனிநபர் கடைக்காரர்கள் பலர் வரி விகிதத்தையே புத்தகத்திலும் வைத்துக்கொள்வது இதனால்தான். ஒரே வேலை, ஒரே தொகை. கம்பெனிகள் அப்படிச் செய்ய முடியாது, கம்பெனிச் சட்டத்தின் ஆயுள் அட்டவணைப்படி ஒரு கணக்கு, வரிக்கு ஒரு கணக்கு என்று இரண்டு வைத்தாக வேண்டும். மாட்டுத்தாவணிக்காரரின் தம்பி கம்பெனியில் பார்த்தது அந்த முதல் கணக்கை.

இடையில் முறையை மாற்றலாமா?

சொத்தை நீங்கள் பயன்படுத்தும் விதம் மாறியிருந்தால் மாற்றலாம். மேலே சொன்ன வண்டியையே எடுங்கள். இரண்டு வருஷம் முடிந்து புத்தக மதிப்பு 3,37,500-ல் நிற்கிறது, இனிமேல் நேர்க்கோடு. இதில் 1,42,000-ஐக் கழித்தால் 1,95,500. மிச்சமுள்ள 3 வருஷத்தால் வகுத்தால் வருஷத்துக்கு 65,167. அவ்வளவுதான், போன வருஷங்களைத் தொடவே வேண்டாம். பழைய பாடப் புத்தகங்களில் வாங்கிய நாளிலிருந்து மறுபடி போட்டு வித்தியாசத்தைச் சரிக்கட்டச் சொல்லியிருக்கும். அந்த விதி 2016-லேயே போய்விட்டது.

நான் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு மாற்றத்தைச் செய்யச் சொன்னார்கள். நான் மிச்ச மதிப்பை விட்டுவிட்டு வாங்கிய விலையைப் பிடித்து, அதை மிச்ச வருஷத்தால் வகுத்துவிட்டேன். இரண்டாவது வருஷமே ஒரு ரைஸ் மில் மோட்டார் பேலன்ஸ் ஷீட்டில் மைனஸில் போய் நின்றது. சீனியர் பேசவே இல்லை, பேனாவால் அந்த மைனஸ் குறியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு ஃபைலைத் திருப்பித் தள்ளினார்.