ஒரே பக்கத்தில் மேலாளரிடம் முடிவு வாங்குவது எப்படி?

கேள்வி: எங்கள் கிடங்கிலிருந்து ஆர்டர்கள் தாமதமாகப் போவது பற்றி 38 பக்க அறிக்கை தயாரித்தேன். மேலாளர் ஒரு பக்கச் சுருக்கம் கேட்டார். ஒவ்வொரு அத்தியாயத்திலிருந்தும் இரண்டு மூன்று வரி எடுத்து எழுதிக் கொடுத்தேன். "எல்லாம் சரி, இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எதை வைப்பது, எதை விடுவது?

பதில்: நீங்கள் இணைத்து அனுப்பிய பக்கத்தையும் அறிக்கையையும் படித்தேன். தகவலில் குறை இல்லை. வரிசையில்தான் சிக்கல். பின்னணி, நோக்கம், ஆய்வு செய்த முறை, தரவு, காரணங்கள், பரிந்துரை என்று அறிக்கை போன வழியிலேயே சுருக்கமும் போகிறது. மேலாளருக்கு வேண்டியது கடைசி மூன்று வரியில் இருக்கிறது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் அந்தத் தாளைக் கையில் எடுக்கிறவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்துவிடும்.

அதனால் அறிக்கையை மூடி வையுங்கள். ஒரு வெற்றுத் தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: மேலாளர் எதற்கு 'சரி' அல்லது 'வேண்டாம்' சொல்ல வேண்டும்? இந்த வாக்கியம் வராவிட்டால் சுருக்கம் எழுதும் நேரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். உங்கள் பக்கத்தில் இதற்கு மிக நெருக்கமாக வருவது "ஆர்டர் ஏற்கும் நேரத்தை மாற்றியமைப்பது குறித்துப் பரிசீலிக்கலாம்" என்ற வரி. யார் பரிசீலிப்பது? எந்த நேரத்துக்கு மாற்றுவது? எப்போதிலிருந்து? இத்தனையையும் மேலாளரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் அவர் உங்களிடம் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

முடிவு கேட்கும் வரியில் நான்கு விஷயம் இருக்க வேண்டும். என்ன மாற வேண்டும், எப்போதிலிருந்து, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், பதில் வராவிட்டால் என்ன ஆகும். கடைசி விஷயத்தைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. ஆனால் தாள் மேசையில் கிடந்துவிடுமா, கையெழுத்தாகி வருமா என்பது பல நேரம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது அறிக்கையின் 31ஆம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது: நேர மாற்றம் மாதத்தின் முதல் தேதியில் மட்டுமே நடக்க முடியும், வாடிக்கையாளர்களுக்கு 10 நாள் முன்னறிவிப்பும் கொடுத்தாக வேண்டும். அப்படியென்றால் 20ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால் ஒரு முழு மாதம் தள்ளிப்போகும். மிரட்டுவது போலத் தோன்றுமோ என்று தயங்க வேண்டாம். உண்மையான கெடுவைச் சொல்வது, படிக்கிறவருக்கு எது அவசரம், எது நாளைக்கு ஆகலாம் என்று பிரித்துப் பார்க்க உதவும். இல்லாத கெடுவை மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு முறை தெரிந்துபோனால் அடுத்த தாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து, எந்தக் கண்டறிதல் பக்கத்துக்குள் வரும்? இதற்கு நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: இந்தத் தகவல் நேர்மாறாக இருந்திருந்தால் முடிவு மாறுமா? மாறும் என்றால் உள்ளே. மாறாது என்றால், எத்தனை உழைத்துச் சேகரித்ததாக இருந்தாலும் அறிக்கையிலேயே இருக்கட்டும்.

உங்கள் தரவையே எடுத்துக்கொள்வோம். 2,400 ஆர்டர்களைப் பார்த்திருக்கிறீர்கள். 432 தாமதம், அதாவது 18 சதவீதம். முந்தைய காலாண்டில் இது 7 சதவீதம். அந்த 432இல் 298 ஆர்டர்கள் பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையே வந்தவை. மீதி 134இல் வண்டிப் பழுது 58, பேக்கிங் தவறு 41, முகவரிப் பிழை 35. இந்த மூன்றுக்கும் சேர்த்து அறிக்கையில் 12 பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சுருக்கத்திலும் மூன்றும் ஆளுக்கு ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வண்டிப் பழுது 58க்குப் பதில் 30ஆக இருந்திருந்தால் நேரத்தை மாற்றும் முடிவு மாறுமா? மாறாது. அப்படியானால் மூன்றுக்கும் சேர்த்து ஒரு வரி போதும்.

இந்த இடத்தில்தான் கை நடுங்கும், எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் சேகரித்ததை ஒரு வரியாக்க மனம் வராது. அது காணாமல் போகவில்லை, பின்னிணைப்பில் இருக்கிறது. 1940 ஆகஸ்டில், போர் உச்சத்தில் இருந்தபோது, பிரிட்டன் பிரதமர் சர்ச்சில் அறிக்கைகளின் நீளம் பற்றித் தன் அமைச்சரவைக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினார். முக்கியமானவற்றைச் சிறு பத்திகளில் சொல்லுங்கள், விரிவான ஆய்வும் புள்ளிவிவரமும் பின்னிணைப்பில் இருக்கட்டும் என்பதுதான் அவர் கேட்டது. அந்தப் பிரிவினை இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

உள்ளே வரும் கண்டறிதலை எழுதும் விதம் ஒன்று உண்டு. "தாமதம் ஏற்படும் நேரங்கள் ஆராயப்பட்டன" என்பது நீங்கள் செய்த வேலையைச் சொல்கிறது, கண்டதைச் சொல்லவில்லை. "10 தாமதங்களில் 7, பிற்பகல் 3 மணிக்குப் பிறகு வந்த ஆர்டர்கள்" என்பதுதான் கண்டறிதல். ஒரு வாக்கியத்துக்கு ஒரு எண், அதற்குப் பக்கத்திலேயே ஒப்பிட இன்னொன்று. 18 சதவீதம் என்று தனியாக நின்றால் அது அதிகமா குறைவா என்று தெரியாது. "7லிருந்து 18 ஆகிவிட்டது" என்றால் தெரிந்துவிடும்.

காரணத்தையும் சங்கிலியாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பரிந்துரை வானத்திலிருந்து குதித்தது போல இருக்கும். உங்கள் கிடங்கில் ஒரு ஆர்டரை எடுத்து, பேக் செய்து, ஏற்றச் சராசரியாக இரண்டரை மணி நேரம் ஆகிறது. வண்டி மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது. அப்படியானால் 3.30க்குப் பிறகு வரும் ஆர்டர் பெரும்பாலும் அன்றைய வண்டியில் ஏறாது. ஆனால் 5 மணி வரை வருவதற்கு 'இன்றே அனுப்புவோம்' என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். பிரச்சினை முழுவதும் இந்த ஒன்றரை மணி நேர இடைவெளிதான். உங்கள் பக்கத்தில் இந்த மூன்று நேரங்களும் மூன்று வெவ்வேறு பத்திகளில் கிடப்பதால் கண்ணில் படவே இல்லை.

அப்புறம், மாற்று வழிகள். மேலாளர் மனதில் உடனே எழும் கேள்வி "வேறு வழி பார்த்தீர்களா?" என்பதுதான். இரண்டோ மூன்றோ போதும், 'இப்படியே விட்டுவிடுவது' அதில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஏன் தள்ளினீர்கள் என்று அரை வரி. அதோடு உங்களுக்கு உறுதியில்லாததையும் அதே பக்கத்தில் சொல்லுங்கள். சந்தேகத்தை மறைத்தால் பக்கம் பலமாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர் எதிர். கூட்டத்தில் வேறொருவர் அதை எழுப்பும்போது, உங்களை நம்பிக் கையெழுத்திட்டவர் பதில் இல்லாமல் நிற்பார்.

இதையெல்லாம் சேர்த்தால் உங்கள் பக்கம் இப்படி வரும்:

> அன்றே அனுப்பும் ஆர்டர்களை ஏற்கும் கடைசி நேரத்தை 5 மணியிலிருந்து 3 மணிக்கு மாற்ற ஒப்புதல் வேண்டும்
>
> தேவைப்படும் முடிவு: அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல், பிற்பகல் 3 மணிக்குள் வரும் ஆர்டர்களுக்கு மட்டும் 'இன்றே அனுப்புவோம்' என்று வாக்களிக்க ஒப்புதல். 20ஆம் தேதிக்குள் பதில் வேண்டும். தவறினால் முன்னறிவிப்புக்கு நாள் போதாது, மாற்றம் ஒரு மாதம் தள்ளிப்போகும்.
>
> ஏன்: தாமதமாகும் ஆர்டர்கள் ஒரே காலாண்டில் 7 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகிவிட்டன. 10 தாமதங்களில் 7, மாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையே வந்தவை. பேக்கிங்குக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது, வண்டி 6 மணிக்குக் கிளம்புகிறது. 3.30க்குப் பிறகு வருவதை அன்றே அனுப்ப வழியில்லை. மீதித் தாமதங்கள் வண்டிப் பழுது, பேக்கிங் தவறு, முகவரிப் பிழை ஆகியவற்றால் வருபவை. அவற்றைக் கிடங்கு அளவிலேயே சரிசெய்கிறோம் (பக்கம் 14–25).
>
> பார்த்த மற்ற வழிகள்: இரவு 8 மணிக்கு இரண்டாவது வண்டி – தாமதம் குறையும், ஆனால் தினமும் கூடுதல் செலவு, இரவு ஆட்களும் வேண்டும். இப்படியே விடுவது – செலவில்லை, காப்பாற்ற முடியாத வாக்கு தொடரும்.
>
> உறுதியாகத் தெரியாதது: 3 மணிக்குப் பிறகு ஆர்டர் செய்பவர்களில் எத்தனை பேர் மறுநாள் வரை காத்திருக்க மாட்டார்கள் என்று தெரியவில்லை. முதல் இரண்டு வாரம் தினமும் எண்ணி, 15ஆம் தேதி உங்களிடம் தருகிறோம்.

தலைப்பைக் கவனியுங்கள். 'தாமதம் குறித்த ஆய்வு – சுருக்கம்' என்று வைத்திருந்தீர்கள். இப்போது தலைப்பே கோரிக்கை. மேலாளர் இந்தத் தாளைத் தன் மேலதிகாரிக்கு அனுப்பிவைக்கலாம், அவரிடம் 38 பக்கம் இருக்காது. அதனால் இந்தப் பக்கம் அறிக்கையின் துணையில்லாமல் தனியாகப் புரிய வேண்டும். "மேலே கூறியபடி", "அட்டவணை 4இல் உள்ளது போல" போன்ற சொற்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். பக்க எண் கொடுப்பது மட்டும் சரி.

பக்கம் நிரம்பி வழிந்தால் எழுத்தின் அளவைக் குறைத்தோ ஓரத்தைச் சுருக்கியோ சமாளிக்காதீர்கள். வழிகிறது என்றால் பெரும்பாலும் இரண்டு முடிவுகளை ஒரே தாளில் கேட்கிறீர்கள், அல்லது முடிவை மாற்றாத ஒரு தகவல் இன்னும் உள்ளே இருக்கிறது. முடிவுகள் உண்மையிலேயே இரண்டு என்றால் எண் போட்டு மேலே வையுங்கள். மூன்றைத் தாண்டினால் தனித்தனித் தாள் நல்லது. எந்த முடிவும் தேவையில்லாத அறிக்கையும் உண்டு. அப்போது முதல் வரியிலேயே "தகவலுக்காக மட்டும், உங்கள் முடிவு எதுவும் தேவையில்லை" என்று சொல்லிவிடுங்கள்.

இந்த வரிசையை நான் மாற்றுவது ஒரே ஒரு சூழலில்தான். மேலாளர் ஏற்கெனவே எதிர்க்கும் முடிவைக் கேட்க நேர்ந்தால், உதாரணமாக 5 மணி என்ற கடைசி நேரத்தை வைத்ததே அவர்தான் என்றால், கோரிக்கைக்கு முன் "10 தாமதங்களில் 7" என்ற வரியை வைப்பேன். ஒரே ஒரு வரிதான், பின்னணி முழுவதும் அல்ல.

அனுப்புவதற்கு முன், அறிக்கையைப் பார்க்காத ஒரு சக ஊழியரிடம் தாளைக் கொடுத்து ஒரு நிமிடத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். என்ன கேட்கிறோம், எப்போதுக்குள், ஏன் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் "தாமதத்தைப் பற்றி ஏதோ..." என்று தொடங்கினால், எந்த வரியில் அவர் கண் நின்றது என்று கேளுங்கள். திருத்த வேண்டிய இடம் அதற்குச் சற்று மேலே இருக்கும்.