பெருந்தமனி வீக்கம்: அளந்தது யார், எப்படி அளந்தார்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் பற்றியவை. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் பெரிய குழாய் வயிற்றுப் பகுதியில் வீங்குவதுதான் அது, பெரிதானால் வெடிக்கலாம். 3 செ.மீ.க்கு மேல் விரிந்தால்தான் அதை அனியூரிசம் என்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேராகக் கேள்விகளுக்குப் போகிறேன்.

யாரெல்லாம் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்?

65 முதல் 75 வயதுக்குள் இருக்கும், எப்போதாவது புகைபிடித்த ஆண்கள் ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டேன் என்பவரும் இதில் சேர்த்திதான். பிரிட்டனில் புகைப் பழக்கம் இருந்ததா என்று கேட்பதில்லை, 65 வயதாகும் எல்லா ஆண்களையும் அழைக்கிறார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இது இருந்திருந்தால், பெண்களானாலும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு 41 வயது. புகைப்பதில்லை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை. வருடாவருடம் பார்க்கலாமா?

வேண்டாம்.

எனக்கு 67 வயது. மார்ச்சில் அல்ட்ராசவுண்டில் 4.4 செ.மீ. இருந்தது. செப்டம்பரில் வேறு இடத்தில் சிடி எடுத்தேன், 5.0 என்று வந்தது. ஆறு மாதத்தில் 6 மி.மீ. வளர்ந்துவிட்டதே, உடனே ஆபரேஷனா?

நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். இரண்டு ரிப்போர்ட்டிலும் எண் இருக்கிறது, எப்படி அளந்தார்கள் என்று ஒன்றிலும் இல்லை. ஆறு மாதத்தில் 5 மி.மீ.க்கு மேல், அல்லது ஒரு வருடத்தில் 1 செ.மீ. வளர்ந்தால் வேகமான வளர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறோம். அதனால் இந்த மனிதர் பயந்ததில் தப்பே இல்லை.

அவர் படங்களையும் அனுப்பியிருந்தார். அல்ட்ராசவுண்டில் ஒரு பக்க உட்சுவரிலிருந்து மறுபக்க உட்சுவர் வரை அளந்திருக்கிறார்கள். சிடியில் வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை. சுவரின் தடிமன் இரண்டு பக்கமும் சேர்வதால், இதிலேயே சுமார் 3 மி.மீ. கூடிவிடும். அப்புறம், அவருடைய பெருந்தமனி கொஞ்சம் வளைந்து போகிறது. சிடி படம் உடலுக்குக் குறுக்கே நேராக வெட்டிக் காட்டுவதால், வளைந்த இடத்தில் குழாய் சாய்வாக வெட்டுப்பட்டு நீள்வட்டமாகத் தெரியும். அந்த நீளமான பக்கத்தை அளந்துதான் 5.0 என்று எழுதியிருக்கிறார்கள். குழாயின் போக்குக்குச் செங்குத்தாகத் திருப்பி அளந்தால் 4.8 வருகிறது. மார்ச் மாத 4.4-உடன் சுவரைச் சேர்த்தால் 4.7. ஆக, மிஞ்சும் வித்தியாசம் 1 மி.மீ. ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தாலே அதைவிட அதிகம் மாறும்.

சரி, இப்போது என்ன செய்வது? ஆபரேஷன் தேவையில்லை. 4 முதல் 5 செ.மீ. வரை உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை அல்ட்ராசவுண்ட் போதும். குழப்பம் நடந்துவிட்டதால் இவர் மட்டும் அடுத்ததை ஆறு மாதத்தில் எடுக்கட்டும், மார்ச்சில் எடுத்த அதே இடத்தில், அதே முறையில். 5 செ.மீ.யைத் தாண்டினால் எல்லோருக்குமே ஆறு மாதம்தான். இதே தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. முதலில் வெளிச்சுவர், அடுத்த முறை உட்சுவர் என்று அளந்தால், நிஜமாக வளர்ந்தது ரிப்போர்ட்டில் தெரியாமலே போய்விடும். எந்தச் சுவரிலிருந்து அளந்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

4.2 செ.மீ.தான் என்கிறார்கள். சிறியதாக இருக்கும்போதே சரிசெய்துவிடலாமே?

இந்த யோசனையைச் சோதித்துப் பார்த்தாயிற்று. 1998-இல் பிரிட்டனிலும் 2002-இல் அமெரிக்காவிலும் வெளியான இரண்டு ஆய்வுகளில், 4 முதல் 5.5 செ.மீ. வரை உள்ள சுமார் 2,200 பேரில் பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள், மீதிப் பேரைக் கண்காணித்தார்கள். உடனே செய்துகொண்டவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. உள்ளே ஸ்டென்ட் குழாய் வைக்கும் முறை இலேசானது என்று அவசரப்படுவோரும் உண்டு. அதை வைத்தபின் கசிவு இருக்கிறதா என்று ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வளர்ச்சியைக் குறைக்க மாத்திரை கேட்கிறீர்கள், அப்படி நிரூபணமான மாத்திரை இல்லை. சிகரெட்டை நிறுத்துங்கள்.

அம்மாவுக்கு 5.1 செ.மீ. 5.5 வரை பொறுக்கலாமா?

ஆபரேஷனுக்கு 5.5 என்பது ஆண்களுக்கான எல்லை. அதே அளவில் பெண்களுக்கு வெடிக்கும் வாய்ப்பு சுமார் மூன்று, நான்கு மடங்கு அதிகம். அதனால் 5.0-இலேயே பேச ஆரம்பிக்கிறோம். இதயமும் நுரையீரலும் தாங்குமா என்று பார்த்து முடிவெடுக்க, ரத்தநாள அறுவை நிபுணரை இந்த மாதமே பாருங்கள்.

5.3 செ.மீ. இருக்கிறது. இரண்டு நாளாக இடுப்பும் முதுகும் வலிக்கிறது. சிறுநீரகக் கல்லாக இருக்குமோ?

இதையா கடிதத்தில் கேட்பது! வீக்கம் இருப்பது தெரிந்தவருக்குப் புதிதாக வயிற்றிலோ முதுகிலோ வலி வந்தால், அளவு எதுவானாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வெடிப்பைக் கல் வலி என்று நினைத்துத் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கும் பிழை. உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக, எனக்குப் பெருந்தமனி வீக்கம் இருக்கிறது என்று சொல்லுங்கள். இவருக்குக் கடிதம் கிடைத்த அன்றே போன் செய்து அனுப்பிவிட்டேன்.