ஒரே வைரம், இரண்டு சர்டிபிகேட்: வழக்கு நிற்குமா?

கேள்வி: வைரம் வாங்கியபோது தந்த சர்டிபிகேட்டில் நிறம் ஜி, தெளிவு விஎஸ்1 என்று இருந்தது. வேறொரு லேபில் ஹெச், விஎஸ்2 என்கிறார்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? வழக்குப் போடலாமா?

பதில்: இந்த ஒரு படி வித்தியாசத்தை மட்டும் நம்பிப் போனால் வழக்கு நிற்காது.

எடையையும் அளவையும் கருவி சொல்கிறது. நிறத்தைக் கண்தான் சொல்கிறது. கல்லைக் கவிழ்த்து வைத்து, ஏற்கெனவே தரம் நிர்ணயித்த 'மாஸ்டர்' கற்களின் வரிசையோடு ஒப்பிடுவார்கள். டி முதல் இசட் வரை மஞ்சள் சிறுகச் சிறுகத்தான் ஏறுகிறது. ஜி முடிந்து ஹெச் தொடங்கும் இடத்தில் இயற்கை கோடு எதுவும் கிழிக்கவில்லை. உங்கள் கல் அந்த எல்லையில் இருந்தால், ஒரு லேபின் மாஸ்டர் கல் இம்மியளவு மஞ்சள் கூடியிருந்தாலே தரம் மாறிவிடும். கல்லுக்கு நீல ஒளிர்வு இருந்தால் இன்னொரு சிக்கல்: விளக்கில் புறஊதாக் கதிர் கூடுதலாக இருந்தால் அந்த நீலம் மஞ்சளை மறைத்து, கல்லை வெள்ளையாகக் காட்டும். தெளிவும் இப்படித்தான். பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது இருவருக்கும் தெரிவது ஒரே புள்ளிதான். அதை எவ்வளவு பெரிய குறையாக எடுத்துக்கொள்வது என்பதில்தான் பேதம். அதே லேபுக்கே மறுபடி அனுப்பினாலும் சில சமயம் தரம் மாறி வருவதுண்டு. 'இது கருத்து, உத்தரவாதம் அல்ல' என்று சர்டிபிகேட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போடுவதும் இதனால்தான். யாரும் படிப்பதில்லை.

முதலில் அது அதே கல்தானா என்று பாருங்கள். ஒருவர் இதேபோல இரண்டு சர்டிபிகேட்டோடு என்னிடம் வந்தார். தரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நான் அளவைப் பார்த்தேன். ஒன்றில் விட்டம் 6.43 - 6.46 மி.மீ., மற்றதில் 6.31 - 6.35. ஒரே கல்லை இரண்டு முறை அளந்தால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு மாறலாம், இவ்வளவு மாறாது. கல்லின் இடுப்பில் லேசரால் பொறித்த எண்ணும் முதல் சர்டிபிகேட்டோடு ஒத்துவரவில்லை. அது கல்லையே மாற்றிய வழக்கு. ஒரு லேப் 'இயற்கை' என்று சொல்வதை மற்றது 'ஆய்வகத்தில் வளர்த்தது' என்றாலும் அப்படித்தான். அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

அளவும் எண்ணும் ஒத்துப்போனால், இரண்டாவது லேப் கல்லை நகையில் பதித்தபடியே பார்த்ததா என்று கேளுங்கள். மஞ்சள் தங்கத்தின் சாயல் கல்லில் விழும். அந்த முடிவை வைத்து வாதாட முடியாது.

பிறகு பில்லை எடுங்கள். 'இன்ன லேபின் சர்டிபிகேட்படி ஜி' என்று இருந்தால், கடைக்காரர் தந்த வாக்கு அந்த சர்டிபிகேட்டோடு முடிந்துவிட்டது. வெறுமனே 'ஜி நிறம்' என்று அவரே எழுதியிருந்தால் அது அவருடைய சொந்த வாக்கு. அதிலும் ஒரு படிக்கு நான் நோட்டீஸ் அனுப்பமாட்டேன். மூன்று படி குறைந்தால், முதல் இரண்டு சர்டிபிகேட்டையும் காட்டாமல் மூன்றாவது லேபில் கொடுத்து, அந்த முடிவோடு வாருங்கள். அதுவரை கல்லைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள், பாலிஷுக்கும் விடாதீர்கள்.