பொன்மொழி சார்ட்டில் ஏற்றும் முன்: நேர்மை, அன்பு பாடத்துக்கான கேள்வி பதில்

ஏழாம் வகுப்பு ஆசிரியை: "சூரியன், சந்திரன், உண்மை மூன்றையும் நெடுநாள் மறைக்க முடியாது – புத்தர்" என்று சார்ட்டில் எழுதிவிட்டேன் சார். மாட்டலாமா?

வேண்டாம் டீச்சர். இதற்கு நெருக்கமான ஓர் இடம் அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூலில், மும்மூன்றாக அடுக்கிய பகுதியில் இருக்கிறது. மறைவில்லாமல் வெளிப்பட ஒளிர்பவை என்று அங்கே சொல்லப்படுபவை சந்திர மண்டலம், சூரிய மண்டலம், ததாகதர், அதாவது புத்தர், அறிவித்த தம்மம் என்ற போதனையும் விநயம் என்ற துறவியர் ஒழுக்க விதிகளும். தன் போதனையில் ஒளித்து வைத்தது எதுவும் இல்லை என்பதுதான் அங்கே பேச்சு. பொய் ஒருநாள் வெளிப்பட்டே தீரும் என்ற கருத்தே அதில் கிடையாது. மூன்றாவதை எடுத்துவிட்டு "உண்மை" என்று வைத்ததும் வாசகம் வேறு பொருளுக்குப் போய்விட்டது.

அந்த இடத்தில் தம்மபதம் 223ஐ எழுதுங்கள். கோபத்தைக் கோபமின்மையாலும், தீமையை நன்மையாலும், கருமியைக் கொடையாலும், பொய்யனை உண்மையாலும் வெல்லச் சொல்கிறது. உங்கள் பாடத்தின் இரண்டு தலைப்பும் ஒரே பாட்டில் வந்துவிடும்.

மற்ற வாசகங்களுக்கும் இதே சோதனைதான். ஆள் பெயர் மட்டும் இருந்து நூலும் எண்ணும் இல்லையென்றால் நிறுத்தி வையுங்கள். எண் கிடைத்தாலும் முன்னும் பின்னும் இரண்டு பாட்டைப் படித்த பிறகே சார்ட்டில் ஏற்றுங்கள்.

ஒரு தாய்: என் மகளை நேர்மை பற்றி குர்ஆனில் ஒன்று, பைபிளில் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பொதுவாக "உண்மை பேசு" என்று வரும் வசனம் போதும்தானே?

போதும்மா, ஆனால் பிள்ளைகள் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். தராசைப் பிடித்துக்கொள்ளுங்கள், கையில் எடுத்துக் காட்டலாம். குர்ஆன் 83ஆம் அத்தியாயத்தின் முதல் மூன்று வசனங்கள், பிறரிடம் வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களைக் கண்டிக்கின்றன. நீதிமொழிகள் 11:1 "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்கிறது. இவற்றோடு பட்டினப்பாலையையும் சேர்த்துவிடுங்கள். புகார் வணிகர்களைப் பற்றி "கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது" என்கிறது அது. குர்ஆன் கண்டிக்கும் அதே இரண்டு செயலையும் செய்யாதவர்கள் என்று புகழ்கிறது. ஒன்று எச்சரிக்கை, இன்னொன்று பாராட்டு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நாம் முந்திக்கொள்ள வேண்டாம்.

நாற்பது நிமிட வகுப்புக்கு இந்த மூன்றே போதும். கால் கிலோ அரிசியும் ஒரு தராசும் கொண்டுபோய், அரிசி வைக்கும் தட்டுக்கு அடியில் சின்னக் காந்தம் ஒட்டி நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு காந்தத்தை எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தால், எத்தனை பிடி அரிசி குறைந்தது என்று கண்ணுக்கே தெரியும். வேதநூல் வரியை மட்டும் சொந்த நடையில் மாற்ற வேண்டாம். அச்சான மொழிபெயர்ப்பு ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து, எந்த மொழிபெயர்ப்பு என்றும் கீழே எழுதுங்கள். வீட்டில் வேறு மொழிபெயர்ப்பு வைத்திருப்பவர் "இப்படி இல்லையே" என்று கேட்டால் பதில் இருக்கும்.

இளைஞர் ஒருவர்: பழமொழியும் போடலாம் என்கிறீர்களே, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்" போடலாமா? அசல் "ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி"தான் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

பழமொழி பற்றி நான் இன்னும் பேசவே இல்லை தம்பி. ஆனாலும் கேட்டது நல்லது. "அசல் இதுதான்" என்று வரும் செய்திகள் எந்தப் பழைய தொகுப்பில் அப்படி இருக்கிறது என்று காட்டுவதில்லை. காட்டாதவரை அது ஒருவர் சொல்லும் விளக்கம், அவ்வளவுதான். மக்கள் வாயில் வழங்குகிற வடிவத்தையே எழுதி, இது சரியா என்று பிள்ளைகளை வாதிட விடுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: எல்லாச் சமயமும் ஒன்றைத்தான் சொல்கிறது. "உனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே" என்று எழுதி, கீழே எல்லாப் பெயரையும் போட்டால் முடிந்ததே?

பாதி சரி ஐயா. கன்பூசியஸின் வாசகமும், யூதர்களின் நூலான தல்மூதில் ஹில்லெல் என்ற குரு சொல்வதும், நம் குறள் 316ம் "செய்யாதே" பக்கம்தான் நிற்கின்றன. பைபிளில் மத்தேயு 7:12, பிறர் உங்களுக்கு எதைச் செய்ய விரும்புகிறீர்களோ அதையே அவர்களுக்குச் "செய்யுங்கள்" என்கிறது. மதிய உணவில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் பையனை வைத்துப் பாருங்கள். அவனைக் கேலி செய்யாமல் இருந்தாலே முதல் விதி நிறைவேறிவிடும். இரண்டாவதோ, எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்காரச் சொல்கிறது. அதற்கும் ஒரு சிக்கல் உண்டு. எனக்கு முட்டை பிடிக்கும் என்று, சைவம் சாப்பிடுகிறவன் தட்டில் வைத்துவிடக் கூடாதே.

அதே தலைமையாசிரியர்: குறளில் "செய்" என்றும் வருகிறதே! "நன்னயம் செய்து விடல்"?

வருகிறது ஐயா, அதே அதிகாரத்தில், 314. ஆனால் அது நமக்குத் தீங்கு செய்தவருக்கு நாம் செய்ய வேண்டியது. தனியாக உட்கார்ந்திருக்கும் பையன் நமக்கு ஒன்றும் செய்யவில்லை. அவனுக்கு அந்தக் குறள் பொருந்துமா என்பதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்றே தோன்றுகிறது. இரண்டு குறளையும் அடுத்தடுத்து மாட்டிவிடுங்கள்.