ரயில் நேர மாற்ற அறிவிப்பில் 00:15 எந்த நாள்?

கேள்வி: ரயில் நேர மாற்ற அறிவிப்பைத் தமிழாக்கும்போது 00:15 என்பதை "இரவு 12:15" என்று எழுதினால் போதாதா?

போதாது. 00:15 என்றால் நள்ளிரவு தாண்டி 15 நிமிடம். 24 மணிக் கணக்கில் நள்ளிரவோடு தேதி மாறிவிடும். நம் பேச்சிலோ விடியும்வரை முந்தைய நாள் இரவுதான். அதிகாலை முகூர்த்த அழைப்பிதழ்களில் "ஞாயிறு இரவு, விடிந்தால் திங்கள்" என்று போடுவது இதற்காகத்தான். ரயில் அறிவிப்புக்கும் அதே கவனம் தேவை.

14-ஆம் தேதி வெள்ளி 23:40-க்கு எழும்பூரில் புறப்பட வேண்டிய ரயில், 15-ஆம் தேதி 00:15-க்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பும் என்று வைத்துக்கொள்வோம். "15-ஆம் தேதி இரவு 12:15" என்று மட்டும் எழுதினால், பலர் சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். ரயில் ஏறக்குறைய ஒரு நாள் முன்பே போயிருக்கும்! நான் இப்படி எழுதுவேன்:

"வெள்ளி (14) இரவு 11:40-க்குப் பதிலாக, அன்று நள்ளிரவு தாண்டி 12:15-க்கு (00:15, தேதி 15, விடிந்தால் சனி) புறப்படும். பயணிகள் வெள்ளி இரவே நிலையத்துக்கு வர வேண்டும். எழும்பூரில் ஏற முடியாது; தாம்பரத்தில் ஏறவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "எழும்பூருக்குப் பதிலாகத் தாம்பரம்" என்று மட்டும் போட்டால், ஏறும் இடமா இறங்கும் இடமா என்ற குழப்பம் வரும்.

அப்புறம், தமிழில் தெளிவாக எழுதியாயிற்று, 00:15 எதற்கு என்று பலர் அதை நீக்கிவிடுகிறார்கள். நிலையப் பலகையில் பயணி ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.