உள்ளே வைக்க வேண்டிய மாத்திரை வயிற்றுக்குள் போனால்

கேள்வி: அம்மாவுக்கு அரிப்புக்காக ஆறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பெட்டி இல்லாமல் அட்டை மட்டும்தான் கையில் வந்தது. அம்மா அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். சாதாரண மாத்திரை போலத்தான் தெரிந்தது, சாப்பிடச் சொல்லிவிட்டேன். நேற்று இரவு ஒன்றை விழுங்கிய பிறகுதான் பெயரைத் தேடினேன்: க்ளோட்ரிமசோல் 100 மில்லிகிராம், பிறப்புறுப்பில் வைப்பதாம். ஆபத்தா? போட்டோவிலேயே கண்டுபிடித்திருக்க முடியுமா?

பதில்: முதலில் அம்மா. பெரியவர் ஒருவர் இந்த மாத்திரையில் ஒன்றே ஒன்றைத் தவறுதலாக விழுங்கினால் பொதுவாகப் பெரிய கேடு வருவதில்லை. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரலாம். ஓர் இரவு கடந்துவிட்டது. இதுவரை ஒன்றும் இல்லை என்றால் நல்லதுதான். ஆனாலும் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள், அம்மா தினமும் சாப்பிடும் வேறு மருந்துகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாராக இருந்தாலும் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. விழுங்கியது குழந்தை என்றாலோ, ஒன்றுக்கு மேல் போயிருந்தாலோ, காத்திருக்காமல் அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போரிக் அமிலம் நிரப்பிய வஜைனல் கேப்ஸ்யூல் என்று ஒன்று உண்டு. பார்க்க வெறும் கேப்ஸ்யூல்தான், விழுங்கினால் விஷம். அதில் ஒன்று வாய்க்குள் போனாலும் அவசரம்தான்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்ற வருஷங்களில் இதே தவறைப் பல முறை பார்த்திருக்கிறேன். பாதித் தவறு நம் பேச்சிலேயே இருக்கிறது. "மாத்திரை போட்டுக்கொண்டாயா?" என்றால் நமக்கு விழுங்கினாயா என்றுதான் பொருள். கூச்சப்பட்டுக்கொண்டு "ராத்திரி ஒன்று உள்ளே போட்டுக்கோங்க" என்று யாராவது மெல்லச் சொன்னால், கேட்பவர் தண்ணீரைத்தான் தேடுவார். நானும் ஒரு பாட்டியிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் அவர் வந்து, "சாப்பிட்டேன், கசந்தது" என்றார். அன்றிலிருந்து "இது விழுங்குவதில்லை, பிறப்புறுப்புக்குள் வைப்பது" என்று முழுதாகத்தான் சொல்கிறேன். வாங்கும்போது நீங்களும் "வாய் வழியாகவா, வேறு வழியாகவா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

சரி, போட்டோவுக்கு வருவோம். ஆசனவாயில் வைக்கும் சப்போசிட்டரியைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எளிது. தோட்டா வடிவக் குழிகள் வரிசையாக ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் அல்லது அலுமினியப் பட்டை அது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம். ஒரு முனையில் பிரித்து இழுப்பதற்கு இரண்டு சிறு நாக்குகள் இருக்கும். உள்ளே இருப்பது மெழுகு போன்ற பொருள். உடம்புச் சூட்டில் உருகுவதற்காகவே பல வகைகள் கொழுப்பில் செய்யப்படுகின்றன. மாத்திரையைப் போல அழுத்தினால் பின்பக்கம் கிழித்துக்கொண்டு வெளியே வராது. போட்டோவில் இதைக் கண் சொட்டு மருந்துக் குப்பிகள் என்று நினைத்தவர்களும் உண்டு. சொட்டு மருந்து என்றால் உள்ளே திரவம் அசையும், இது அசையாது.

ஏமாற்றுவது உங்கள் அம்மாவுக்கு வந்த வகைதான். பிறப்புறுப்பில் வைப்பதைப் பெஸரி என்பார்கள். அதில் மெழுகுத் தோட்டாவும் உண்டு, அழுத்திச் செய்த கெட்டி மாத்திரையும் உண்டு, மீன் எண்ணெய் மாத்திரை போன்ற மெத்தென்ற கேப்ஸ்யூலும் உண்டு. பின் இரண்டும் சாதாரண அட்டையிலேயே வரும். கெட்டி மாத்திரை பல சமயம் ஒரு முனை குறுகி, பாதாம் பருப்பு போல இருக்கும். ஆனால் போட்டோவில் அளவு தெரியாது, அட்டையின் பளபளப்பில் வடிவமும் மழுங்கிவிடும். அதனால் வடிவத்தை நம்பாதீர்கள், எழுத்தை நம்புங்கள்.

எழுத்து இருப்பது குமிழ்களுக்குப் பின்பக்கம். அம்மா அனுப்பியது பெரும்பாலும் முன்பக்கப் படமாக இருக்கும். பின்பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில், அட்டையைக் கொஞ்சம் சாய்த்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் இருந்தால் அளவும் தெரியும். படத்தைப் பெரிதாக்கி மருந்தின் பெயருக்குப் பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள். வெறும் 'டேப்லெட்' என்றில்லாமல் 'வஜைனல் டேப்லெட்', 'பெஸரி', 'சப்போசிட்டரி', 'ரெக்டல்' என்று ஏதாவது இருந்தால் விழுங்கக் கூடாது. மருந்துச் சீட்டில் 'பி.வி.' என்றால் பிறப்புறுப்பு வழி, 'பி.ஆர்.' என்றால் ஆசனவாய் வழி.

மருந்தின் பெயர் மட்டும் போதாது. இதே க்ளோட்ரிமசோல் வாய்ப்புண்ணுக்குச் சப்பும் மாத்திரையாகவும் உண்டு, அது 10 மில்லிகிராம். 100, 200, 500 என்று எண் இருந்தால் அது பிறப்புறுப்பில் வைப்பது. ப்ரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல் இன்னும் சிக்கல்: ஒரே கேப்ஸ்யூலை ஒருவருக்கு விழுங்கவும் இன்னொருவருக்கு உள்ளே வைக்கவும் எழுதுவார்கள். அங்கே அட்டை எதையும் சொல்லாது, சீட்டுதான் சொல்லும்.

அட்டையை நறுக்கிக் கொடுக்கும்போது வழி எழுதிய துண்டு வேறு யாரிடமோ போய்விடுகிறது. இந்த வகை மருந்தை மட்டுமாவது பெட்டியோடும், உள்ளிருக்கும் தாளோடும் கேட்டு வாங்குங்கள். பல பெட்டிகளில் மாத்திரையை உள்ளே வைக்க அப்ளிகேட்டர் என்ற பிளாஸ்டிக் குழலும் இருக்கும். உங்களுக்குக் குழலும் வரவில்லை. அது வந்திருந்தால் அம்மாவே சந்தேகப்பட்டிருப்பார்.

சப்போசிட்டரி விழுங்கப்பட்டால் வேறொரு கணக்கு உண்டு. காய்ச்சல் குழந்தைக்கான பாராசிட்டமால் சப்போசிட்டரியை உருக்கி வாயில் கொடுத்துவிட்டு, தவறாகப் போய்விட்டதே என்று இன்னொன்றை வைத்துவிடுகிறார்கள். வயிற்றுக்குள் போனதும் பாராசிட்டமால்தான், அந்த நாளின் அளவில் அதையும் சேர்க்க வேண்டும். அடுத்த வேளை எப்போது என்று மருத்துவரைக் கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும்.

உங்கள் அம்மாவின் விஷயம் நேர் எதிர். விழுங்கிய மாத்திரை சிகிச்சைக் கணக்கில் சேராது, ஏனென்றால் அரிப்பு இருக்கும் இடத்தில் அது வேலை செய்யவில்லை. 100 மில்லிகிராம் என்றால் வழக்கமாக இரவுக்கு ஒன்றாக ஆறு இரவு. இப்போது கையில் ஐந்துதான் இருக்கிறது, ஆறாவதை வாங்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். படுக்கப் போகும் நேரத்தில், மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்துக்கொண்டு, முடிந்த அளவு ஆழமாக வைக்க வேண்டும். அப்புறம் ஒன்று: இந்த மாத்திரை கரைய உள்ளே ஈரம் வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு வறட்சி இருப்பதால் சில சமயம் கரையாமல் துண்டு துண்டாக மறுநாள் வெளியே வந்துவிடும். அப்படி வந்தால் அம்மா வைத்தது தவறு என்று அர்த்தமில்லை. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், கிரீமாக மாற்றித் தரலாம்.