எந்தத் திங்கள்?

கேள்வி: திருப்பூரில் பதினான்கு மிஷின் போட்டு பனியன் தைக்கிறேன். துணி கொடுத்த நிட்டிங் யூனிட்காரருக்கு 4,80,000 ரூபாய் தர வேண்டும். ஆகஸ்ட் 27 அன்று துணி இறங்கியது, 30 நாள் கெடு. செப்டம்பர் 26 தேதி போட்டு செக்கும் கொடுத்துவிட்டேன். எனக்கு 5,60,000 தர வேண்டிய பார்ட்டி, ‘ஆயுத பூஜை முடிந்து அக்டோபர் 3 போட்டுவிடுகிறேன்’ என்கிறார். அவகாசம் கேட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘எதிர்பாராத சூழ்நிலை காரணமாகத் தங்கள் பாக்கியைக் குறித்த நேரத்தில் செலுத்த இயலாத நிலையில் உள்ளோம். கூடிய விரைவில் செலுத்திவிடுகிறோம். தயவுசெய்து ஒத்துழைக்கவும்.’ இதை அனுப்பலாமா? (வரவு செலவுச் சீட்டு இணைத்துள்ளேன்.)
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அனுப்ப வேண்டாம். உங்கள் கெடு இந்த இதழ் கடைக்கு வரும்வரை காத்திருக்காது என்பதால், இந்தப் பதிலை முன்கூட்டியே உங்களுக்குத் தபாலில் போட்டுவிட்டேன்.

மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். அதில் எவ்வளவு பாக்கி என்று இல்லை. எந்த பில் என்று இல்லை. என்றைக்குத் தருவீர்கள் என்பதும் இல்லை. இருப்பதெல்லாம் ‘சூழ்நிலை’. பல வருடங்களுக்கு முன் எங்கள் பத்திரிகைக்குக் காகிதம் கொடுத்தவரிடம் நானும் இப்படித்தான் ‘திங்கட்கிழமை தந்துவிடுகிறேன்’ என்று மூன்று வாரம் சொன்னேன். நாலாவது வாரம் அவர் கோபமே படாமல், ‘சரிங்க சார், எந்தத் திங்கள்?’ என்று கேட்டார். அன்றிலிருந்து தேதி இல்லாமல் நான் அவகாசம் கேட்பதில்லை.

முதலில் தேதியைக் கண்டுபிடிப்போம். பார்ட்டி 3ஆம் தேதி என்கிறார், அதனால் நீங்களும் 3 அல்லது 4 என்று எழுதக் கை துடிக்கும். ஏற்கெனவே ஒரு முறை சொன்ன தேதியைத் தவறவிட்டவரின் வாயிலிருந்து வந்த தேதி அது. அதை அப்படியே எடுத்து உங்கள் வாக்காக இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். அவருடைய ஆபீஸில் பேமென்ட் போடும் ஆளைக் கூப்பிட்டு, பில் பாஸ் ஆகிவிட்டதா, எந்தக் கிழமை பணம் போடுவார்கள் என்று கேளுங்கள். முதலாளி சொல்லும் தேதியைவிட அந்த ஆள் சொல்லும் கிழமை நம்பகமானது. அந்தக் கிழமையும் 3ஆம் தேதியிலேயே விழுந்தால், அதன்மேல் நாலு வேலை நாள் விட்டு அக்டோபர் 9, வியாழக்கிழமை வருகிறது.

அதற்கு மேல் தள்ளக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. துணி கொடுத்தவர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு தொழில்காரராக இருந்தால் (திருப்பூரில் நிட்டிங் யூனிட் வைத்திருப்பவர் அப்படி இருக்கவே வாய்ப்பு அதிகம்), 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடுவாக இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஆகஸ்ட் 27இல் இருந்து எண்ணினால் 45ஆம் நாள் அக்டோபர் 11. அதற்குப் பிறகு ஒரு தேதியை அவரே மனமுவந்து ஒப்புக்கொண்டாலும் சட்டம் அதைக் கணக்கில் எடுக்காது. கெடு தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. கெடு தாண்டிய இப்படிப்பட்ட பாக்கியைப் பணம் கொடுத்த நிதியாண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்று 2024 ஏப்ரல் முதல் வந்த வருமான வரி விதி, ஆடிட்டர்கள் 43பி(எச்) என்பது, உங்களை இப்போது தொடாது. பணத்தை இதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிடுவீர்கள் அல்லவா? இதே கேள்வி மார்ச் மாதத்தில் வந்திருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன்.

அடுத்தது, 26ஆம் தேதி என்ன தரப்போகிறீர்கள் என்பது. உங்கள் சீட்டைப் பார்த்தேன். பாங்கில் 2,90,000. பார்ட்டி பணம் வருவதற்குள் 27, 4 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளில் வாரம் 70,000 வீதம் சம்பளம் 1,40,000. கரண்ட் பில் 30,000. மிச்சம் 1,20,000. இதில் ஒரு லட்சத்தை 26ஆம் தேதியே கொடுத்துவிடுங்கள். ‘கொஞ்சம்தானே, மொத்தமாகக் கொடுத்துவிடலாம்’ என்று அதையும் பிடித்து வைத்துக்கொள்வது நம் ஊரில் பலர் செய்யும் தவறு. கெடு நாளன்று கணக்கில் ஏறும் ஒரு லட்சம், நீங்கள் ஓடி ஒளியவில்லை என்பதைக் கடிதத்தைவிடத் தெளிவாகச் சொல்லும். மாறாக, ரோஷப்பட்டு இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு சனிக்கிழமை சம்பளத்துக்குக் கைமாற்று வாங்கினாலும் தப்பு. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சம்பளம் ஒரு நாள் தள்ளினாலும் டெய்லர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். அப்புறம் பார்ட்டி சரக்கே முடியாது.

ஆக, மீதி 3,80,000. இதை 9ஆம் தேதி தருகிறேன் என்று எழுதும் முன் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: பார்ட்டி 3ஆம் தேதியும் போடவில்லை என்றால் 9ஆம் தேதி என்ன செய்வேன்? நகைக்கடனோ, பாங்கில் ஓவர்டிராப்டோ, மைத்துனரோ, ஏதோ ஒரு பதில் இருந்தால்தான் அது உறுதியான தேதி. இல்லையென்றால் உறுதியாகத் தெரிந்த தொகைக்கு மட்டும் 9 என்று எழுதிவிட்டு, மீதிக்கு உள்ளதை உள்ளபடி பேசுங்கள். தேதியில் ஒரு தடவை சறுக்கினால் பொறுத்துக்கொள்வார்கள். மறு தேதியிலும் சறுக்கினால் அடுத்த லாட் துணிக்கு முழு முன்பணம் கேட்பார்கள். அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. நூல் மில் அவருக்காகக் காத்திருப்பதில்லை. உங்கள் பணத்தை நம்பி அவரும் ஒருவருக்குத் தேதி சொல்லியிருப்பார், தீபாவளி போனஸ் அவருக்கும் உண்டு. அதனால்தான் கெடு நாளன்று காலையில் சொல்லாமல், ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும்.

வட்டி தருகிறேன் என்று நீங்களாகவே சொல்லலாமா? சொல்லுங்கள். 3,80,000க்கு 13 நாள், வருடம் 18 சதவீதம் என்று வைத்தாலும் சுமார் 2,400 ரூபாய்தான். பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார். அவருக்கு வலிப்பது வட்டி இல்லை, 26ஆம் தேதி கையில் பணம் இல்லாமல் போவதுதான்.

முதலில் போனில் பேசுங்கள். அவர் சரி என்றதும் அன்றைக்கே இதை வாட்ஸப்பில் அனுப்புங்கள்:

‘அண்ணே, போனில் பேசியபடி. ஆகஸ்ட் 27 பில், தொகை 4,80,000. எங்களுக்கு வர வேண்டிய பணம் 3ஆம் தேதிக்குத் தள்ளிப்போனதால் முழுத்தொகையை 26 அன்று தர முடியவில்லை. 26ஆம் தேதி 1,00,000 உங்கள் கணக்கில் போட்டுவிடுகிறேன். மீதி 3,80,000 அக்டோபர் 9, வியாழன் அன்று. 13 நாள் வட்டியும் சேர்த்துத் தருகிறேன். உங்களிடம் உள்ள 26ஆம் தேதி செக்கை பாங்கில் போட வேண்டாம். நாளைக் காலை நேரில் வந்து 9ஆம் தேதி செக் கொடுத்துவிட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சம்மதம் என்றால் ஒரு வரி பதில் போடுங்கள்.’

இவ்வளவுதான். பார்ட்டி உங்களை எப்படி ஏமாற்றினார், மார்க்கெட் எப்படிப் படுத்துவிட்டது என்பதெல்லாம் வேண்டாம். அடுத்த ஆர்டரைப் பற்றியும் இதிலேயே பேசாதீர்கள். பாக்கிக்கு அவகாசமும் புதுத் துணிக்குக் கடனும் ஒரே மூச்சில் கேட்டால், முதலில் கேட்டதும் கிடைக்காது.

இனி செக். உங்கள் கேள்வியில் ஒரு வரியாக வந்துபோனாலும் உண்மையில் ஆபத்து இருப்பது அங்கேதான். முதலாளி போனில் ‘அதனால என்னங்க, 9ஆம் தேதியே கொடுங்க’ என்பார். மனசார சொன்னதுதான். ஆனால் செக் இருப்பது அவர் கணக்குப்பிள்ளையின் மேஜை டிராயரில். யாரும் சொல்லாததால் அவர் 26ஆம் தேதி வழக்கம்போல் மற்ற செக்குகளோடு பாங்குக்கு அனுப்பிவிடுவார். கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பும். முதலாளி நல்லவராக இருந்தால் ஒரு போனோடு போயிற்று. மனஸ்தாபம் வந்தால், செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் கட்டவில்லை என்றால் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்கு.

‘அப்படியென்றால் பாங்கில் சொல்லி ஸ்டாப் பேமென்ட் போட்டுவிடுகிறேன்’ என்று கிளம்பாதீர்கள். ஸ்டாப் பேமென்ட் போட்டதால் மட்டும் 138இலிருந்து தப்பிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1998லேயே சொல்லிவிட்டது. வழி ஒன்றுதான்: பழைய செக் உங்கள் கைக்கு வர வேண்டும். தொகையும் மாறிவிட்டதே, 4,80,000 செக்கை வைத்துக்கொண்டு 3,80,000 பாக்கிக்கு என்ன செய்வது? ‘சரிங்க, அதைக் கிழித்துப் போட்டுடறேன்’ என்றாலும் விடாதீர்கள். கிழித்தாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

புது செக்கிலும் கவனம் வேண்டும். 9 என்று தேதி போட்டால் 9ஆம் தேதி காலையிலேயே அவர் அதைப் போடலாம். அன்றைக்குக் கணக்கில் பணம் காத்திருக்க வேண்டும், அன்று சாயங்காலம் வந்தால் போதாது. பார்ட்டியின் பணம் திங்கள் 6ஆம் தேதி வரை வரவில்லையென்றால், நீங்கள் மனசில் வைத்திருக்கும் நகைக்கடனை அன்றே எடுங்கள். 8ஆம் தேதி இரவு வரை செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

நேரில் போகும்போது முதலாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் கணக்குப்பிள்ளையையும் பாருங்கள். புது செக்கைக் கொடுத்து, பழையதைக் கேட்டு வாங்கி, நம்பர் சரிதானா என்று பார்த்து, அவர் எதிரிலேயே குறுக்கே கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதுங்கள். கிழிக்காதீர்கள், பில்லோடு சேர்த்துப் பின் அடித்து பைலில் வையுங்கள்.